முப்பத்து மூன்று சென்டிமீட்டர்

"1880 பிப்ரவரி 29, ஞாயிறு. கோஷெனென். நேற்று மாலை தெற்குப் பக்கத்திலிருந்து துளைக்கம்பி எட்டிப் பார்த்துவிட்டது. அந்தத் துளை வழியாக முதலில் வந்தது ஒரு தகரப் பெட்டி, உள்ளே முதலாளியின் படம். இன்று முற்பகல் கடைசி வெடி. எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தபோது நான் அளவுகோலைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கவாட்டில் விலகல் முப்பது சென்டிமீட்டர் சொச்சம். மட்டம் ஏறக்குறையச் சரி. நீளம்தான் இடிக்கிறது. நாங்கள் கணக்குப் போட்டு வைத்திருந்த தூரத்துக்குச் சில மீட்டர் முன்பாகவே சந்தித்துவிட்டோம். துல்லியமான அளவு, காற்று தெளிந்த பிறகு."

இந்த நாட்குறிப்பு நான் எழுதியது. சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்டு ரயில் சுரங்கம் துளைபட்ட நாளில், அங்கிருந்த அளவைப் பொறியாளர் ஒருவர் இரவு விளக்கடியில் உட்கார்ந்து எழுதினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தது. அளவுகோல் தேடிய காட்சி என் கற்பனை. தேதியும், தகரப் பெட்டியும், மூன்று அளவுகளும் நடந்தவை. பின்னால் நிதானமாக அளந்து பதிவு செய்த கணக்கு இது: பக்கவாட்டில் 33 சென்டிமீட்டர், உயரத்தில் 5 சென்டிமீட்டர், நீளத்தில் 7.6 மீட்டர்.

மூன்றாவது எண்ணைப் பார்த்ததும் யாருக்கும் புருவம் உயரும். மற்ற இரண்டும் சென்டிமீட்டரில் இருக்க, இது மட்டும் மீட்டரில், அதுவும் ஏழரைக்கு மேல். ஆனால் பொறியாளரின் நெஞ்சு படபடத்தது முதல் எண்ணுக்காகத்தான். அது ஏன் என்பதில்தான் இந்தத் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது.

கோட்ஹார்டு மலை, ஐரோப்பாவின் வடக்கையும் தெற்கையும் பிரிக்கும் ஆல்ப்ஸ் தொடரின் நடுவில் நிற்கிறது. வடக்கே ராய்ஸ் ஆற்றின் குறுகிய பள்ளத்தாக்கில் கோஷெனென் என்ற சிற்றூர். தெற்கே இத்தாலி மொழி பேசும் ஐரோலோ. இடையில் 15 கிலோமீட்டர் பாறை. 1872இல் ஜெனீவா பக்கத்தைச் சேர்ந்த லூயி ஃபாவ்ர் என்பவர் இதைக் குடைந்து தருவதாக ஒப்பந்தம் எடுத்தார். தச்சுத் தொழில் பழகி மேலே வந்த மனிதர். எட்டே ஆண்டுகளில் முடித்துத் தருவதாகக் கையெழுத்துப் போட்டார். தாமதமானால் முதல் ஆறு மாதங்களுக்கு நாளொன்றுக்கு 5,000 பிராங்க், அதற்குப் பிறகு 10,000 பிராங்க் அபராதம். இப்படியொரு நிபந்தனைக்குத் தலையாட்டியவரைத் துணிச்சல்காரர் என்பதா, கணக்குத் தெரியாதவர் என்பதா என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை.

அவர் கடைசி நாளைப் பார்க்கவில்லை. 1879 ஜூலை 19 அன்று சுரங்கத்தைப் பார்வையிட உள்ளே போனவர் அங்கேயே சாய்ந்தார். வயது 53. இரு பக்கமும் சந்திக்க இன்னும் எட்டு மாதங்கள் கூட இல்லை. மறுபக்கம் முதலில் போயிருக்க வேண்டியவர் அவர்தான் என்பதால், துளை விழுந்ததும் அவருடைய படத்தைப் பெட்டியில் வைத்து முதலில் அனுப்பினார்கள்.

இனி அந்த 33 சென்டிமீட்டருக்கு வருவோம். மலையின் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் குடையத் தொடங்குகிறார்கள். ஒரு பக்கத்தார் மறுபக்கத்தைப் பார்க்க முடியாது. கோஷெனெனில் நின்றால் ஐரோலோ தெரியாது, நடுவில் நிற்கும் மலையின் உயரம் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல். அப்படியானால் பாறையில் முதல் துளை போடும்போதே 'இந்தத் திசையில் போ' என்று எதை வைத்துச் சொல்வது? திசைகாட்டி முள் இதற்கு உதவாது. அதன் துல்லியம் போதவே போதாது, பாறையில் இரும்புத் தாது இருந்தால் அந்த முள்ளும் தடுமாறும்.

வழி மலைக்கு மேலே இருக்கிறது. பள்ளத்தாக்கிலிருந்து தெரியும் ஒரு சிகரம், அந்தச் சிகரத்திலிருந்து தெரியும் இன்னொன்று, அங்கிருந்து மூன்றாவது என்று அடையாளக் கம்பங்களை நட்டுக்கொண்டே போய், கடைசியில் மறுபக்கப் பள்ளத்தாக்கில் இறங்குகிறார்கள். ஒவ்வொரு சிகரத்திலும் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியை வைத்து, மற்ற கம்பங்களுக்கு இடையிலான கோணங்களைப் படிக்கிறார்கள். மலை முழுவதும் முக்கோணங்களால் ஒரு வலை விழுகிறது. ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும். அந்தப் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிப்படை. இப்படித் தொற்றிக்கொண்டே போனால், ஒன்றையொன்று பார்க்காத இரண்டு சுரங்க வாய்களும் ஒரே காகிதத்தில் வந்து உட்காரும். பிறகு கோஷெனென் பொறியாளரிடம், 'இந்தச் சிகரத்தைப் பார்த்து நில், அதிலிருந்து இத்தனை டிகிரி, இத்தனை நிமிடம், இத்தனை விநாடி திரும்பு, அதுதான் ஐரோலோ' என்று சொல்லிவிடலாம்.

நமக்கு இது அன்னியமான வித்தை அல்ல. 1802இல் லாம்டன் சென்னை பரங்கிமலைக்கு அருகே தரையில் ஓர் அடிக்கோட்டை அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவை இதே முறைதான். அது இந்தியாவின் படத்தை வரைவதற்காக நடந்தது. இங்கே அதே முக்கோணங்கள் ஒரே ஒரு கோட்டுக்காகப் போடப்பட்டன.

கோட்ஹார்டில் இந்த அளவையை 1869இல் ஓட்டோ கெல்ப்கே என்பவர் செய்து முடித்திருந்தார். அந்தக் கோட்டை நம்பித்தான் குடையத் தொடங்கினார்கள். ஆனால் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1874 வாக்கில், கார்ல் கோப்பே என்ற இன்னொரு அளவையாளரைக் கூப்பிட்டு மறுபடி அளக்கச் சொன்னார்கள். அவர் கெல்ப்கேயின் முக்கோணங்களை எடுத்துக்கொள்ளாமல் தனியாக வேறொரு வலை போட்டார். ஒரே ஆள் ஒரே வலையை இரண்டு முறை அளந்தால், முதல் முறை செய்த பிழையையே இரண்டாம் முறையும் செய்யக்கூடும். வேறு ஆள், வேறு கம்பங்கள், வேறு கோணங்கள் என்று போய் விடை ஒத்து வந்தால் அப்போதுதான் நம்பலாம். ஒத்து வந்தது. சுரங்கத்தின் திசையை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இதில் பிழைக்கு எவ்வளவு இடம் உண்டு என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோணத்தில் ஒரு டிகிரியை 3,600ஆகப் பிரித்தால் கிடைப்பது ஒரு விநாடி. இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு நாணயத்தை ஐந்து கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்தால் அது கண்ணில் பிடிக்கும் கோணம் ஏறத்தாழ அவ்வளவுதான். வடக்குப் பக்கத்தார் கோஷெனெனிலிருந்து சந்திப்பு வரைக்கும் குடைந்த தூரம் சுமார் 7.7 கிலோமீட்டர். புறப்படும் இடத்தில் திசை ஒரு விநாடி பிசகினால், அவ்வளவு தூரம் போனபின் கோடு 37 மில்லிமீட்டர் விலகியிருக்கும். 33 சென்டிமீட்டர் விலகல் என்றால், பிழை முழுவதையும் வடக்குப் பக்கத்தின் தலையிலேயே கட்டினாலும், ஒன்பது விநாடி. இரு பக்கமும் பங்கு போட்டுக்கொண்டால் ஆளுக்கு நான்கோ ஐந்தோ. எட்டு ஆண்டு வேலையில், இருட்டிலும் புகையிலும், மொத்தப் பிசகு அவ்வளவுதான்.

நாட்குறிப்பில் 'முப்பது சென்டிமீட்டர் சொச்சம்' என்று சாதாரணமாக எழுதியவர் உள்ளுக்குள் எவ்வளவு பெருமூச்சு விட்டிருப்பார் என்பது இப்போது புரியும்.

மேலே மலையில் திசை கிடைப்பது பாதி வேலை. அதை உள்ளே கொண்டுபோவதுதான் மீதிப் பாதி, அதுவே கடினமான பாதியும்கூட. சுரங்க வாய்க்கு வெளியே, சுரங்கக் கோட்டின் மேலேயே, ஒரு சிறு கண்காணிப்புக் கூடம் கட்டி அதில் அசையாத கல் தூண் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். அந்தத் தூணின் மேல் ஒரு பெரிய தொலைநோக்கிக் கருவி. அதை முதலில் எதிர் மலைச்சரிவில் உள்ள குறியைப் பார்த்து நிறுத்துவார்கள். அது சுரங்கக் கோட்டைப் பின்பக்கமாக நீட்டினால் விழும் புள்ளி. பிறகு தொலைநோக்கியை அப்படியே தலைகீழாகப் புரட்டினால் அது சுரங்கத்துக்குள்ளே பார்க்கும். உள்ளே ஒருவர் விளக்கோடு நிற்கிறார். 'இடம், இன்னும் கொஞ்சம் இடம், நில்' என்று சைகை போக, விளக்கு சரியான கோட்டுக்கு வந்ததும் அந்த இடத்தில் கூரையிலோ தரையிலோ குறி அடிக்கிறார்கள். அடுத்து கருவியை அந்தக் குறிக்குக் கொண்டுபோய், பின்னால் ஒரு விளக்கு, முன்னால் ஒரு விளக்கு என்று பார்த்து மேலும் நீட்டுகிறார்கள். இப்படித் தாவித் தாவிப் பாறை முகப்பு வரை.

கருவி எவ்வளவு நல்லதானாலும் அதில் ஒரு சிறு கோணல் இருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் தொலைநோக்கியை ஒரு நிலையில் வைத்து ஒரு தடவை, புரட்டி மறு நிலையில் வைத்து ஒரு தடவை பார்ப்பார்கள். முதல் தடவை கோணல் வலப்பக்கம் தள்ளினால் இரண்டாம் தடவை அதே அளவு இடப்பக்கம் தள்ளும். இரண்டு குறிகளுக்கும் நடுப்புள்ளிதான் உண்மையான கோடு. பலமுறை பார்த்துச் சராசரி எடுப்பது அதற்கு மேல்.

ஆனால் காற்று சொல்பேச்சுக் கேட்காது. சுரங்கத்தின் ஆழத்தில் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டியது. டைனமைட் புகை, எண்ணெய் விளக்குகளின் கரி, பாறையிலிருந்து சொட்டும் நீரின் ஆவி எல்லாம் சேர்ந்து மூடுபனி மாதிரி நிற்கும். சில நூறு மீட்டர் தள்ளி இருக்கும் விளக்கு மங்கலான ஒரு பொட்டாகக்கூடத் தெரியாது. தெரிந்தாலும், ஒரு சுவர்ப்பக்கம் காற்று சூடாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருந்தால் ஒளிக்கதிர் வளைந்து வரும். விளக்கு இல்லாத இடத்தில் இருப்பதாகக் கண் சொல்லும். வெயில் நேரத்தில் தார்ச்சாலையில் தண்ணீர் தெரிவது இதே கோளாறுதான். ஆகவே முக்கியமான அளவை நாட்களில் குடைவு வேலையையே நிறுத்தி, புகை போகும்வரை காத்திருந்துதான் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு ஐயாயிரம் பிராங்க் அபராதக் கத்தி தலைக்கு மேல் தொங்கும்போது, 'வேலையை நிறுத்துங்கள், நான் பார்க்க வேண்டும்' என்று சொல்லும் அளவைப் பொறியாளரை அந்த இடத்தில் யாருக்குப் பிடித்திருக்கும்!

இன்னொரு தொல்லை கண்ணுக்கே தெரியாதது. தியோடலைட்டைச் சமமாக நிறுத்த ரசமட்டத்தை நம்புகிறோம். நம் மேஸ்திரியின் ரசமட்டமும் தூக்குக்குண்டும் புவியீர்ப்பின் திசையைக் காட்டுகின்றன. பக்கத்தில் பெரிய மலை நின்றால் அதன் நிறையும் குண்டைச் சற்றே தன் பக்கம் இழுக்கும். இமயமலை இப்படி இழுப்பதை 1850களில் கல்கத்தாவில் இருந்த பிராட் என்ற பாதிரியார் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். சில விநாடிகள்தான். சமவெளியில் கிடைமட்டமாகப் பார்க்கும்போது இது திசையை அதிகம் கெடுக்காது. ஆனால் கோஷெனென் போன்ற கிணற்றுப் பள்ளத்தாக்கின் அடியில் நின்று, செங்குத்தாக மேலே இருக்கும் சிகரத்தைப் பார்க்கும்போது கருவியின் சிறு சாய்வு அப்படியே திசையில் பிழையாக இறங்கும். பார்வை எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு கேடு. மலைச் சுரங்க அளவையில் திசைப்பிழைக்கு இது ஒரு முக்கியமான வாசல்.

இப்போது நீளத்துக்கு வரலாம். முக்கோண வலையின்படி இரு வாய்களுக்கும் இடையே நேர்க்கோட்டுத் தூரம் 14,920 மீட்டர். உள்ளே அளந்து சென்றவர்கள் சந்தித்தபோது கூட்டிப் பார்த்தால் 14,912.4. ஏழரை மீட்டர் பாறையைக் காணோம். அப்படிச் சந்தித்ததில் யாருக்கும் நட்டமில்லை, மகிழ்ச்சிதான். அவ்வளவு பாறை குடைய வேண்டியிருக்கவில்லை. திசை சரியாக இருந்தால் இரு பக்கத்தாரும் ஒரே கோட்டில் எதிரெதிரே வருகிறார்கள். நூறு மீட்டர் முன்போ பின்போ, கட்டாயம் முட்டிக்கொள்வார்கள். திசை தவறினால், நீளம் மில்லிமீட்டர் சுத்தமாக இருந்தும் பயனில்லை. ஒருவரையொருவர் பாறைக்குள்ளே கடந்து போய்விடலாம். எனவே கோணங்களை உயிரைக் கொடுத்து அளந்தார்கள், நீளத்துக்கு அவ்வளவு பதறவில்லை.

நீளப்பிழை ஓரிடத்தில் மட்டும் கடிக்கும், அது உயரம். வடக்கிலிருந்து சரிவு மேல்நோக்கிப் போகிறது, தெற்கிலிருந்தும் மெல்ல மேல்நோக்கி வருகிறது. தண்ணீர் இரு வாய்க்கும் தானே வழிந்து ஓட இந்த ஏற்பாடு. இத்தனை மீட்டருக்கு இத்தனை ஏற்றம் என்று போகும்போது தூரம் தவறினால் ஏற்றமும் தவறும். வடக்குச் சரிவு ஆயிரம் மீட்டருக்கு ஆறு மீட்டருக்கும் குறைவு. அந்தச் சரிவில் ஏழரை மீட்டர் நீளப்பிழை முழுவதும் விழுந்தால்கூட உயரத்தில் வருவது நான்கு, ஐந்து சென்டிமீட்டர்தான். உயரத்தை அளப்பது மற்றபடி எளிது. கணவாய்ச் சாலை வழியாகவே மட்டக் கருவியும் அளவுக்கோல்களுமாகப் படிப்படியாக மலை ஏறி மறுபக்கம் இறங்கிவிடலாம். மூன்றில் மிகச் சிறிய பிழை உயரத்தில் வந்ததில் வியப்பில்லை.

கடைசி வாரங்களில் பொறியாளருக்கு ஒரு புதுச் சாட்சி கிடைத்தது. காது. பாறை ஒலியை நன்றாகக் கடத்தும். மறுபக்க வெடி முதலில் மெல்லிய அதிர்வாகவும், நெருங்க நெருங்கத் துளைக்கருவியின் தட்டலாகவும் கேட்கும். இது தூரம் குறைகிறது என்பதைச் சொல்லும். திசை சரி என்று சொல்லாது, ஏனெனில் பாறையின் வெடிப்புகளும் படிவங்களும் ஒலியை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிவிடும். இடப்பக்கம் கேட்டதாக ஒருவர் சொன்னால் நேர் மேலே கேட்டதாக அடுத்தவர் சொல்வார். நெருங்கிய பிறகு ஆபத்து வேறு வகை. ஒரு பக்கத்தார் வைக்கும் வெடி மெல்லிய தடுப்பைப் பிய்த்துக்கொண்டு மறுபக்கத்தாரின் முகத்தில் பாயலாம். அதனால் முன்னால் நீண்ட துளைக்கம்பியை அனுப்பி, எவ்வளவு பாறை மிச்சம் என்று துழாவிக்கொண்டே போக வேண்டும். சனிக்கிழமை மாலை தெற்கிலிருந்து எட்டிப் பார்த்தது அப்படியொரு கம்பிதான். மறுநாள் வெடி சம்பிரதாயம்.

முப்பத்து மூன்று சென்டிமீட்டரை வைத்து என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அன்று சந்தித்தது முழுச் சுரங்கம் அல்ல. ஃபாவ்ர் கடைப்பிடித்தது பெல்ஜிய முறை. முதலில் சுரங்கத்தின் உச்சிப் பகுதியில், இரண்டரை மீட்டர் அகலமும் ஏறக்குறைய அதே உயரமும் உள்ள ஒரு முன்குடைவை மட்டும் வேகமாக ஓட்டிக்கொண்டு போவது. பின்னாலேயே வேறு குழுக்கள் அதை இரு பக்கமும் அகலப்படுத்தி, கல் வளைவு கட்டி, பிறகு கீழே தோண்டிச் சுவர் எழுப்பும். இரட்டைத் தண்டவாளம் போகும் முழு அகலம் முன்குடைவைப் போல மூன்று மடங்கு. எனவே இரண்டு முன்குடைவுகளும் ஒன்றரைச் சாண் தள்ளிச் சந்தித்தால், அகலப்படுத்தும்போது அந்த வளைவை நீண்ட தூரத்துக்குப் பரப்பிக் கரைத்துவிடலாம். ரயிலில் போகிறவருக்குத் தெரியாது.

ஆனால் இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. மேலே வளைவைக் கட்டிவிட்டுக் கீழே சுவர் இல்லாமல் விட்டால், நல்ல பாறையில் அது நிற்கும். கெட்ட பாறையில் உட்காரும். ஆண்டர்மட் சமவெளிக்கு அடியில், வடக்கு வாயிலிருந்து 2.8 கிலோமீட்டர் வாக்கில், அப்படியொரு பகுதி அகப்பட்டது. பாறையின் கனிமம் சிதைந்து களிமண்ணாகி, ஈரம் பட்டதும் ஊதிப் பெருத்துக் கல் கட்டடத்தை நசுக்கியது. கட்டினார்கள், நொறுங்கியது. இன்னும் தடிமனாகக் கட்டினார்கள், அதுவும் நொறுங்கியது. முன்குடைவு எப்போதோ அதைத் தாண்டி முன்னால் போய்விட்டிருக்க, பின்னால் அந்தச் சில பத்து மீட்டர்கள் ஆண்டுக்கணக்கில் மேஸ்திரிகளைப் பிடித்து வைத்திருந்தன. துளைபட்ட நாளின் கொண்டாட்டத்துக்குப் பிறகும் முழுச் சுரங்கத்தில் ரயில் ஓட 1882 வந்துவிட்டது. எட்டு ஆண்டுக் கெடு தாண்டிப்போயிற்று. அபராதம் இப்போது ஃபாவ்ரின் வாரிசுகள் தலையில்.

அந்த நாட்குறிப்பில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். கட்டிப்பிடித்த 'எல்லோரும்' யார்? பெரும்பாலோர் வடக்கு இத்தாலியிலிருந்து வந்த கூலிகள். ஐரோலோ பக்கம் பாறையிலிருந்து நொடிக்கு 200 லிட்டருக்கும் மேல் தண்ணீர் பீறிட்ட காலத்தில் அதில் நின்றுகொண்டே துளை போட்டவர்கள். அழுத்தக் காற்றில் ஓடும் துளைக்கருவிகளில் இருந்து வெளிவரும் காற்றுதான் அவர்களுக்கு மூச்சு. அதுவும் பற்றாது. 1875 ஜூலையில் கோஷெனெனில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். விபத்துகளில் மட்டும் இறந்தவர்கள் ஏறக்குறைய 200. வெடி, சரிந்த பாறை, வண்டி என்று காரணங்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

நோயில் செத்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. சுரங்கத் தொழிலாளிகள் வெளுத்து, மூச்சு வாங்கி, படியேற முடியாமல் ஊர் திரும்பினார்கள். கெட்ட காற்றுதான் காரணம் என்று வெகுநாள் நினைத்தார்கள். இரு பக்கமும் சந்தித்த அதே 1880இல் இத்தாலியின் தூரின் நகரில் எடோர்டோ பெரோன்சிட்டோவும் சக மருத்துவர்களும், கோட்ஹார்டிலிருந்து திரும்பியவர்களின் குடலில் கொக்கிப்புழுவைக் கண்டார்கள். நம் ஊர்களில் காலில் செருப்பில்லாமல் வயலில் இறங்குகிறவர்களுக்கு வந்த அதே புழு. ஆல்ப்ஸ் குளிரில் அது உயிர் வாழாது. ஆனால் சுரங்கத்துக்குள் வருடம் முழுவதும் 30 டிகிரி, ஈரம், கழிப்பறை கிடையாது, வெறுங்கால். மலைக்கு அடியில் ஒரு சிறு வெப்பமண்டலத்தை அவர்களே உண்டாக்கி வைத்திருந்தார்கள். ஒருவகைப் பெரணியின் சாற்றைக் கொடுத்தால் புழு வெளியேறுகிறது என்று பெரோன்சிட்டோ காட்டினார்.

இதைவிட நீளமான அடுத்த சுரங்கம் அதே ஆல்ப்ஸில், சிம்ப்ளான். 1898இல் தொடங்கியது, 20 கிலோமீட்டர் நீளம். பாறை இன்னும் சூடு. அங்கே அளவையாளர்கள் பக்கவாட்டில் 20 சென்டிமீட்டர், உயரத்தில் 9 சென்டிமீட்டர் விலகலோடு 1905 பிப்ரவரி 24 அன்று சந்தித்தார்கள். நீளப்பிழை 79 சென்டிமீட்டருக்குச் சுருங்கியிருந்தது. ஆனால் மாற்றம் அளவையில் மட்டும் நிகழவில்லை. சிம்ப்ளானில் ஒன்றுக்குப் பதில் இரண்டு குடைவுகளை இணையாக ஓட்டி, இடையிடையே குறுக்குவழி வெட்டி, ஒன்றின் வழியாகப் புதுக் காற்றைத் தள்ளினார்கள். சூடான பாறை மேல் குளிர்ந்த நீரைத் தெளித்தார்கள். வாயில் குளியலறையும் உடை மாற்றும் கூடமும் கட்டி, வேலை முடிந்து வருகிறவர்கள் குளித்து உலர்ந்த துணி உடுத்தி வீடு திரும்ப ஏற்பாடு செய்தார்கள். கொக்கிப்புழு நோய் அங்கே கோட்ஹார்டு அளவுக்குத் தலைதூக்கவில்லை.